பறக்காத பயணத்துக்கு வரி எதற்கு?

“இது சலுகை டிக்கெட் சார், கேன்சல் பண்ணினா ஒண்ணும் திரும்பாது.” டிராவல்ஸ் கடையில் இப்படிச் சொன்னதும் பலரும் டிக்கெட்டை மடித்துப் பையில் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். இந்தியாவில் வாங்கிய விமான டிக்கெட்டைப் பொறுத்தவரை, அந்தப் பேச்சு பாதிதான் உண்மை. திரும்பி வராதது அடிப்படைக் கட்டணம். மற்றதில் ஒரு பகுதி எந்த நிலையிலும் பயணிக்கே சேர வேண்டியது.

இது புரிய, இ-டிக்கெட்டில் கட்டண விவரம் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒருவழிப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் போடும் தொகைகள் இவை: அடிப்படைக் கட்டணம் 3,000 ரூபாய், எரிபொருள் கட்டணம் 400. இந்த இரண்டும் சேர்ந்த 3,400 ரூபாய்க்கு, எகானமி வகுப்பு என்பதால் 5 சதவீத ஜிஎஸ்டி 170. விமான நிலையப் பயனாளர் கட்டணம் 300. விமானப் பாதுகாப்புக் கட்டணம் 200, அதன் மேல் ஜிஎஸ்டி 36, ஆக 236. மொத்தம் 4,106 ரூபாய். இணையத்தில் பதிவு செய்ததற்கான சேவைக் கட்டணம் 300 தனி.

இதில் கடைசியாகச் சொன்ன பயனாளர் கட்டணமும் பாதுகாப்புக் கட்டணமும் விமான நிறுவனத்தின் வருமானமே அல்ல. முதலாவது விமான நிலையத்தை நடத்துபவருக்குப் போகிறது. ஊருக்கு ஊர் தொகை மாறும். இரண்டாவது விமான நிலையப் பாதுகாப்புச் செலவுக்கு. நிறுவனம் இவற்றை வசூலித்துக் கொடுக்கும் இடைநிலையில்தான் இருக்கிறது. நீங்கள் விமானம் ஏறவே இல்லை என்றால், உங்கள் பெயரில் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள அதற்கு உரிமை கிடையாது.

இதைத்தான் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், டிஜிசிஏ, விதியாகவே எழுதிவைத்திருக்கிறது. 2016 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, டிக்கெட்டை ரத்து செய்தாலும் சரி, சொல்லாமல் கொள்ளாமல் விமானத்துக்கே போகாமல் இருந்தாலும் சரி, அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். அடிப்படைக் கட்டணம் திரும்பாத சலுகை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். ரத்துக் கட்டணமும் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. பணத்தைத் திருப்பித் தருவதற்கென்று தனிக் கட்டணமும் பிடிக்கக் கூடாது.

நம் கணக்குக்கு வருவோம். நிறுவனத்தின் பட்டியலில் ரத்துக் கட்டணம் 3,999 ரூபாய் என்று இருந்தாலும் அது பிடிக்கக்கூடியது 3,400 மட்டுமே. பிடித்துக்கொள்ளும் தொகைக்கும் ஜிஎஸ்டி உண்டு என்று 2022-இல் அரசு விளக்கம் தந்திருப்பதால், அந்த 170 திரும்பாது. ‘வரி எல்லாம் வரும்’ என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பதிவுக்கான சேவைக் கட்டணமும் பொதுவாக வராது. பயனாளர் கட்டணம் 300, பாதுகாப்புக் கட்டணம் 236, ஆக 536 ரூபாய் வர வேண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் 2,144 ரூபாய். அதை விட்டுக்கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

வெளிநாட்டு டிக்கெட்டில் இன்னொரு குழப்பம் வரும். வரிகள் என்ற தலைப்பின் கீழ் YQ அல்லது YR என்று ஒரு பெரிய தொகை இருக்கும். அது வரி அல்ல. நிறுவனமே விதிக்கும் கூடுதல் கட்டணம். ரத்தின்போது அதுவும் போய்விடக்கூடும். IN என்பது பயனாளர் கட்டணம், P2 பாதுகாப்புக் கட்டணம், K3 ஜிஎஸ்டி. டிக்கெட் எடுக்கும்போதே இவற்றைப் பார்த்துக்கொண்டால், ரத்து செய்தால் ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

விமானத்தைத் தவறவிட்டவர்களுக்குத்தான் பணம் அதிகம் முடங்கிப் போகிறது. ரத்து செய்தவருக்குக் கணக்கில் வந்துசேரும் தொகை, போகாமல் இருந்தவருக்குப் பல நேரங்களில் கேட்டால்தான் வருகிறது. நிறுவனத்தின் இணையதளத்தில் பிஎன்ஆர் எண்ணும் பெயரும் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும், அல்லது வாடிக்கையாளர் சேவைக்கு எழுத வேண்டும். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். ஆனால் பணம் திரும்பி வருவதற்கான பொறுப்பு விதிப்படி விமான நிறுவனத்துடையதுதான். பணத்துக்குப் பதிலாக அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் வரவுத் தொகை தருவதாகச் சொன்னால், அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

நிறுவனமே விமானத்தை ரத்து செய்தால் இந்தக் கழிவெல்லாம் கிடையாது. மாற்று விமானம் வேண்டாம் என்றால் கட்டணம் முழுதும் திரும்ப வேண்டும்.

தொகை குறைந்து வந்தால் எந்தெந்த இனத்தில் எவ்வளவு பிடித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். டிக்கெட் நகலும் கட்டண விவரமும் அதற்குத் தேவைப்படும், அழித்துவிடாதீர்கள்.