பில்லில் 6, ஷீட்டில் 8

போனில் எடுத்த பில் படங்களிலிருந்து எண்களை எக்செலுக்கு மாற்றும்போது, மங்கிய 6 எட்டாகிவிடும், 1 ஏழாகிவிடும். கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பது இருபது பில்லுக்குத் தாங்கும், இருநூறுக்குத் தாங்காது. நல்லவேளையாக, பில்லுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

ஒரு பெயிண்ட் கடை பில்: 12 டப்பா, விலை 385, தொகை 4620. சிஜிஎஸ்டி 415.80, எஸ்ஜிஎஸ்டி 415.80. மொத்தம், ரவுண்ட் ஆஃப் செய்து, 5452. இவற்றை C முதல் H வரை ஆறு கட்டங்களில், அச்சில் உள்ளபடியே போடுங்கள். தொகையை ஃபார்முலாவால் வரவழைக்கக் கூடாது. அப்புறம் எதோடு ஒப்பிடுவது? சோதனை தனிக் கட்டங்களில் இருக்கட்டும்:

```
=ABS(C2*D2-E2)>0.5
=ABS(E2+F2+G2-H2)>1
```

4620 என்பது 4820 ஆகப் பதிவானால் இரண்டுமே TRUE காட்டும். இரண்டு கணக்கிலும் வருவது தொகை மட்டும்தான் என்பதால் முதல் சந்தேகம் அதன் மேல். வித்தியாசம் 200, அதாவது நூறாமிடத்து இலக்கம். முதல் சோதனை மட்டும் TRUE என்றால் எண்ணிக்கையையோ விலையையோ பாருங்கள். கையால் அடிக்கும்போது இலக்கம் இடம் மாறி 4260 ஆனால் வித்தியாசம் 360. பக்கத்து இலக்கங்கள் மாறினால் அது எப்போதும் 9-ஆல் வகுபடும்.

பில் எண்ணும் தேதியும் இந்த வலையில் சிக்காது. அவற்றுக்குப் படத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும். எனவே முதல் கட்டத்தில் படத்தின் ஃபைல் பெயரைப் போட்டுவையுங்கள்.