அதிமதுரமும் இரத்த அழுத்த மாத்திரையும்: ஒரு மருந்தாளுநரின் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

மாதந்தோறும் எங்கள் மருந்தகத்தில் அம்லோடிபின் 5 மில்லிகிராம், குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம் மாத்திரைகளைத் தவறாமல் வாங்கி வருகிறீர்கள். சென்ற முறை, வறட்டு இருமலுக்காக அத்திப்பள்ளியில் வாங்கிய மூலிகை மாத்திரையையும், உடன் உண்ணும் சூரணத்தையும் காட்டினீர்கள். அவற்றைப் பற்றியே இக்கடிதம்.

அந்தப் புட்டியின் கன்னட முகப்பில் ‘ஜேஷ்டமது’ என்று உள்ளது. வடமொழியில் ‘யஷ்டிமது’, இந்தியில் ‘முலேத்தி’ என்று எழுதியிருப்பதும் நம் அதிமதுரமே. எல்லையின் இருபுறமும் மருந்து வாங்குவோர் இப்பெயர்களை அறிந்திருப்பது நன்று.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின் என்னும் பொருள். நம் உடலில் கார்டிசால் என்ற சுரப்பு, சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கிவிடாதபடி ஒரு நொதி அதைச் செயலிழக்கச் செய்கிறது. கிளிசிரைசின் அந்த நொதியைத் தடுத்துவிடும். அதனால் உப்பும் நீரும் உடலில் தங்கி இரத்த அழுத்தம் உயரும். பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும். குளோர்தாலிடோனும் பொட்டாசியத்தை வெளியேற்றுவதே. ஆகவே இரண்டும் சேரும்போது இழப்பு மிகுகிறது.

நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்டாதிருப்பது பாதுகாப்பு எனக் கருதப்படுகிறது. வேரில் அதன் அளவு ஒரே சீராக இருப்பதில்லை. நூற்றுக்கு நான்கு பங்கு எனக் கொண்டால், மூன்று கிராம் சூரணத்திலேயே 120 மில்லிகிராம் சேர்ந்துவிடும். மாத்திரையில் உள்ளது அதற்கும் மேல். இரத்த அழுத்த நோயாளிக்கு இதனினும் குறைந்த அளவே தீங்கு செய்யலாம். ஓரிரு முறை உண்பதைக் காட்டிலும், வாரக்கணக்கில் தொடர்வதே பெரும்பாலும் துன்பம் தருகிறது.

கணுக்காலில் வீக்கம், படியேறும்போது தொடையில் சோர்வு, கெண்டைக்காலில் பிடிப்பு, நெஞ்சுப் படபடப்பு, மாத்திரை உண்டும் குறையாத அழுத்தம் ஆகியவை இதன் அறிகுறிகள். அம்லோடிபினாலும் கணுக்கால் வீங்கலாம். எனவே வீக்கத்தை மட்டும் கண்டு முடிவு செய்ய இயலாது. இரத்தத்தில் பொட்டாசியத்தைச் சோதித்தால் நிலைமை தெளிவாகும். பொதுவாக அது 3.5க்குக் குறையலாகாது. மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி உயிருக்கே இடர் நேரலாம்.

நீங்கள் சூரணம் உண்பதை அறியாத மருத்துவர், அழுத்தம் குறையவில்லையே என்று குளோர்தாலிடோனின் அளவைக் கூட்டக்கூடும். அப்போது பொட்டாசியம் மேலும் சரியும். இதுவே என் பெரிய கவலை.

ஆதலால் அதிமதுரம் சேர்ந்த இரண்டையும் இப்போதே நிறுத்துங்கள். இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டா. புட்டிகளுடன் இவ்வாரமே மருத்துவரைக் கண்டு, பொட்டாசியம் சோதனை குறித்துக் கேளுங்கள். படபடப்போ மிகுந்த தளர்ச்சியோ தோன்றினால் அன்றே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். நிறுத்திய பின்னும் இதன் விளைவு ஓரிரு வாரம் நீடிக்கக்கூடும். அதுவரை அழுத்தத்தை அளந்து குறித்து வாருங்கள். இருமலுக்கு ஏற்ற மாற்று மருந்தையும் மருத்துவரிடமே கேட்டறியலாம்.

இங்ஙனம்,
தங்கள் மருந்தாளுநர்
ஓசூர்