பிரசவ விடுப்பு முடிந்தது, பழைய பதவி எங்கே?

மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்பது இன்று வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். 2017-இல் சட்டத்தைத் திருத்தி 12 வாரத்தை 26 ஆக்கினார்கள். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் முழுச் சம்பளத்தோடு அந்த விடுப்பு கிடைக்கும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான். இதெல்லாம் நிறுவனங்களின் கையேட்டிலேயே இருக்கிறது. அந்த 26 வாரம் முடிந்த மறுநாள் காலை அலுவலகத்தில் என்ன வேலை காத்திருக்கும் என்பதைத்தான் எந்தக் கையேடும் தெளிவாகச் சொல்வதில்லை.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம். அங்கே எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு டீம் லீடாக இருக்கிறார் ஒரு பெண். ஆண்டுச் சம்பளம் 14 லட்சம். அதில் 2 லட்சம், குழுவின் செயல்பாட்டைப் பொறுத்துக் கிடைக்கும் வேரியபிள் பே. விடுப்பில் போகும்போது தன் பொறுப்பைக் குழுவிலேயே இருந்த ஒரு ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்த அன்று மேனேஜர் அழைத்துப் பேசுகிறார். “அவர் நல்லா பண்ணிட்டிருக்கார், இப்ப மாத்தினா கிளையன்ட் ஒத்துக்க மாட்டாங்க. நீங்களும் கைக்குழந்தையோட வந்திருக்கீங்க. கொஞ்ச நாள் சப்போர்ட் டீம்ல லைட்டா இருங்களேன்.” டெசிக்னேஷன் மாறவில்லை. அடிப்படைச் சம்பளமும் குறையவில்லை. ஆனால் அவருக்குக் கீழே இப்போது யாரும் இல்லை. முன்பு அவரிடம் ரிப்போர்ட் செய்தவரிடம் இனி அவர் ரிப்போர்ட் செய்ய வேண்டும். சப்போர்ட் குழுவில் வேரியபிள் பே பாதிதான். வாரம் மாற்றி வாரம் இரவு ஷிப்ட் வேறு.

இது சட்டவிரோதமா? முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு இதற்கானது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அது 68-ஆவது பிரிவாக இடம்பெற்றிருக்கிறது. சட்டப்படி மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்த விடுப்புக் காலத்திலோ, விடுப்பைக் காரணமாக வைத்தோ வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அது சொல்கிறது. பலரும் அதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதே வாக்கியத்தின் கடைசிப் பகுதி, அவருடைய பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம் என்கிறது. பதவி இறக்கம் பற்றிய நம் கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் இருக்கும் முக்கியமான பதில் இந்தச் சில சொற்கள்தான்.

பணி நிபந்தனை என்பதில் சம்பளம், கிரேடு, படிகள், பதவி உயர்வுக்கான வரிசை, வேலை நேரம் எல்லாம் அடங்கும். இவற்றில் ஏதாவது குறைந்திருந்தால் வாதம் வலுவாக நிற்கும். நம் உதாரணத்தில் வேரியபிள் பே 2 லட்சத்திலிருந்து 1 லட்சமாகிவிட்டது. இல்லாத இரவு ஷிப்ட் வந்திருக்கிறது. டெசிக்னேஷன் அதேதான் என்று நிறுவனம் சொல்லலாம். ஆனால் ஆண்டுக்கு ஒரு லட்சம் குறைவதைப் பாதகமில்லை என்று எப்படி வாதாட முடியும்?

கையில் வரும் பணம் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் வேறு குழுவுக்கு மட்டும் மாற்றியிருந்தால்தான் சிக்கல். இடமாற்றம் பணியின் இயல்பான அங்கம் என்பதை நீதிமன்றங்கள் பல காலமாக ஏற்றுவந்திருக்கின்றன. வேலை நியமனக் கடிதத்திலேயே எந்தத் துறைக்கும் ஊருக்கும் மாற்றலாம் என்று ஒரு வரி இருக்கும். ஒரே கிரேடு, ஒத்த பொறுப்பு, ஒத்த சம்பளம் என்றால் குழு மாறியதை மட்டும் வைத்துச் சட்டமீறல் என்று சொல்வது கடினம். கிளையன்ட் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு மொத்தக் குழுவும் கலைக்கப்பட்டிருந்தால், விடுப்பில் போன பெண்ணும் மற்றவர்களைப் போல வேறு குழுவுக்குப் போக வேண்டியதுதான். விடுப்பு எடுத்ததால் வரும் பாதகத்திலிருந்துதான் சட்டம் காக்கிறது. அலுவலகத்தில் எல்லோருக்கும் வரும் மாற்றத்திலிருந்து அது விலக்கு தருவதில்லை.

ஆகவே, மாற்றத்தின் காரணம் எது என்பதில்தான் வழக்கு நிற்கும், விழும். இதை அறியச் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். குழுவை மாற்றி அமைக்கும் முடிவு எப்போது எடுக்கப்பட்டது? விடுப்பில் போகாதவர்கள் யாராவது மாற்றப்பட்டார்களா? அவர் இருந்த பதவியே இல்லாமல் போய்விட்டதா, அல்லது அப்படியே இருந்து அதில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறாரா? நம் உதாரணத்தில் பதவி அப்படியே இருக்கிறது. தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ள வந்தவர் நிரந்தரமாகிவிட்டார். ‘நீங்கள் இல்லாதபோது அவர் நன்றாகச் செய்தார்’ என்பதற்கு, விடுப்பில் போனதால்தான் இந்த மாற்றம் என்று பொருள். கைக்குழந்தையைச் சொல்லி இரக்கத்தோடு பேசியதும் நிறுவனத்துக்கு எதிரான சாட்சியமே. குழந்தை பெற்றவள் என்ற காரணத்தை அவர்களே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அக்கறையோடு சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் கேட்காத சலுகையை அவர் தலையில் வைத்து, பதவியைப் பிடுங்குவது அக்கறை ஆகாது.

அரசுத் துறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு பிடியும் இருக்கிறது. நிர்வாகத் தேவைக்காக அல்லாமல், தண்டனைக்குப் பதிலாகப் போடப்படும் இடமாற்ற உத்தரவு செல்லாது என்று 2008-இல் சோமேஷ் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மகப்பேறு வழக்கு அல்ல. ஆனாலும் விடுப்பு எடுத்ததற்காக ஒருவரை ஓரங்கட்டும் உத்தரவை எதிர்க்க அந்தத் தர்க்கம் பொருந்தும்.

பலர் இடறி விழும் இடம் விடுப்பை நீட்டிப்பதில் இருக்கிறது. 26 வாரம் போதாமல் சம்பளமில்லா விடுப்பாக இன்னும் இரண்டு மூன்று மாதம் கேட்டு வாங்குகிறார்கள். பிரசவத்தால் வந்த உடல்நலக் குறைவுக்கு, மருத்துவச் சான்று கொடுத்தால் கூடுதலாக ஒரு மாதம் வரை சட்டமே தருகிறது. அதற்கு மேலே எடுப்பது நிறுவனத்தின் விருப்பத்தில் கிடைக்கும் விடுப்பு. சட்டத்தின் பாதுகாப்பு ‘இந்தச் சட்டப்படி’ எடுத்த விடுப்புக்குத்தான். நீட்டித்த மாதங்களில்தான் பதவி பறிபோனது என்று நிறுவனம் காட்டிவிட்டால், மகப்பேறு சட்டத்தின் கவசம் மெலிந்துவிடும். நிறுவனத்தின் விடுப்புக் கொள்கையையும் நியமனக் கடிதத்தையும் வைத்துத்தான் வாதாட வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் இந்த இரண்டு கட்டங்களையும் சட்டமே பிரித்து எழுதிவைத்திருக்கிறது. முதல் 26 வார விடுப்போடு திரும்பினால், போகும்போது இருந்த அதே வேலைக்குத் திரும்பும் உரிமை உண்டு. அதற்கு மேல், 52 வாரம் வரை எடுத்தாலும் அதே வேலைதான். அது நடைமுறையில் சாத்தியமில்லை என்றால் மட்டும், தகுதிக்கு ஏற்ற வேறு வேலையை, முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளோடு தர வேண்டும். நம் சட்டத்தில் ‘அதே வேலை’ என்ற சொல்லே இல்லை. பாதகமாக மாற்றக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, எது பாதகம் என்பதை ஒவ்வொரு பெண்ணும் தனியாகப் போராடி நிரூபிக்க விட்டிருக்கிறது. இது சிறிய குறை அல்ல.

இன்னொரு குறையும் உண்டு. மகப்பேறு பணம் மறுக்கப்பட்டாலோ வேலையிலிருந்து நீக்கப்பட்டாலோ 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அதே பிரிவு வழி சொல்கிறது. பதவி இறக்கத்துக்கு அந்த வழியை அது குறிப்பிடவில்லை. சட்டமீறல் நடந்திருக்கிறது என்று தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவர், சமரச அதிகாரி முன் தொழில் தகராறாகவும் கொண்டுபோகலாம். ஐ.டி. ஊழியர்களுக்கு இது பொருந்தாது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தத் துறைக்கு அப்படி ஒரு விலக்கு கிடையாது. டீம் லீட் என்ற பெயர் இருப்பதாலேயே அவர் நிர்வாகத் தரப்பு ஆகிவிடுவதும் இல்லை. நாள் முழுக்க கோட் எழுதினாரா, ஆட்களை நிர்வகித்தாரா என்று வேலையின் தன்மையைத்தான் பார்ப்பார்கள்.

புதிய இடத்தைச் சொன்னதும் கோபத்தில் ராஜினாமா கடிதம் கொடுப்பது, வழக்கைத் தொடங்கும் முன்பே முடித்துவிடும். அவரே விருப்பப்பட்டுப் போய்விட்டார் என்று நிறுவனம் சொல்லிவிடும். அந்த வேலைக்குப் போக மாட்டேன் என்று வராமல் இருப்பதும் ஆபத்து. கீழ்ப்படியாமை என்று மெமோ வரும். வேலைக்குப் போய்க்கொண்டே, ஆட்சேபத்தோடுதான் ஏற்கிறேன் என்று ஒரு மெயில் அனுப்ப வேண்டும். என் கிரேடு என்ன, வேரியபிள் பே எவ்வளவு, யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும், மாற்றத்துக்கான காரணம் என்ன என்று அந்த மெயிலிலேயே எச்.ஆர். துறையைக் கேட்க வேண்டும். வாய்மொழியாக நடந்த பேச்சை, ‘நேற்று நீங்கள் சொன்னது இதுதானே’ என்று அன்றே எழுதி அனுப்பிவிடுவது நல்லது. பதில் வராவிட்டாலும் அந்த மெயில் நிற்கும்.

அடுத்த அப்ரைசலையும் கவனிக்க வேண்டும். ஆறு மாதம் இல்லாதவருக்கு ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ரேட்டிங் போட்டால் அது தாழ்வாகத்தான் வரும். அந்த ரேட்டிங்கைக் காட்டி அடுத்த ஆண்டு பதவி உயர்வை மறுப்பார்கள். வேலை பார்த்த மாதங்களை மட்டும் வைத்து மதிப்பிடுங்கள் என்று அப்போதே எழுதிக் கேட்க வேண்டும்.

விபத்து, நோய் என்று நீண்ட விடுப்பில் போகும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நிலைமை வேறு. பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரைப் பதவி இறக்கக் கூடாது, பழைய வேலை பார்க்க முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநருக்கு இந்த உரிமை உண்டு. தனியார் பேருந்து ஓட்டுபவருக்கு இல்லை.

விடுப்பு விண்ணப்பத்தை இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கும் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். என் பொறுப்பை யார் பார்த்துக்கொள்வார், அது தற்காலிக ஏற்பாடுதானே, திரும்பி வரும்போது எந்தப் பதவியில், எந்தக் கிரேடில் சேர்வேன் என்ற கேள்விகளையும் அந்த மெயிலிலேயே சேர்த்து அனுப்புங்கள். பதிலை அலுவலகக் கணினியில் மட்டும் வைக்காமல், நியமனக் கடிதம், கடைசி அப்ரைசல் கடிதம், சம்பளச் சீட்டு இவற்றோடு வீட்டிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.