சீல் மாற்றியும் நிற்காத ஆயில் கசிவு

அரிசி ஆலையில் நெல்லை மேலே தூக்கிச் செல்லும் எலிவேட்டரின் உச்சியில் ஒரு கியர் மோட்டார் இருக்கும். மோட்டாரும் கியர்பாக்ஸும் ஒன்றாகப் பொருத்தப்பட்ட இயந்திரம் அது. கியர்பாக்ஸின் ஒரு பகுதியில் ஆயிலும் மீதியில் காற்றும் இருக்கும். ஷாஃப்ட் வெளியே வரும் வாயில் ஒருநாள் ஆயில் சொட்டத் தொடங்குகிறது. ஃபிட்டர் ஆயில் சீலை மாற்றுகிறார். சில வாரங்களில் மறுபடியும் சொட்டுகிறது. இரண்டாவது சீலும் போடப்படுகிறது, கசிவு நிற்பதில்லை. சீலின் தரத்தைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய ஒரு சிறிய பாகம் கியர்பாக்ஸின் தலையில் இருக்கிறது. அதுதான் ப்ரீதர்.

ஓடும்போது கியர்பாக்ஸ் சூடாகும். காலையில் 30 டிகிரியில் இருந்தது 75 டிகிரிக்கு ஏறினால், உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ 15 சதவீதம் விரியும். ஆயிலும் கொஞ்சம் பெருகிக் காற்றுக்கான இடத்தைக் குறைக்கும். விரிந்த காற்று வெளியேறவும், இயந்திரம் ஆறியபின் காற்று திரும்ப உள்ளே வரவும் உள்ள வழியே ப்ரீதர். அரிசி ஆலையில் தவிட்டுத் தூள் எங்கும் பறக்கும். ஆயில் ஈரம் படிந்த ப்ரீதரில் அது ஒட்டி, இறுகி, துளையை அடைத்துவிடும். புதிய கியர் மோட்டாரில் வேறொரு காரணமும் உண்டு. லாரிப் பயணத்தில் ஆயில் சிந்தாமல் இருக்க ப்ரீதரை அடைத்து அனுப்புவார்கள். பொருத்தும்போது அந்த அடைப்பை எடுக்க மறந்தால், முதல் நாளிலிருந்தே மூச்சு அடைபட்டிருக்கும்.

வழி அடைபட்டதும் உள்ளே அழுத்தம் ஏறும். சாதாரண ஆயில் சீல் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் மெல்லிய ரப்பர் விளிம்பை ஒரு சிறு ஸ்பிரிங் ஷாஃப்ட்டின் மேல் லேசாகப் பிடித்திருக்கும். உள்ளழுத்தம் அந்த விளிம்பை ஷாஃப்ட்டோடு அழுத்தித் தேய்க்கும். தேய்மானம் சூட்டைக் கூட்டும், சூட்டில் ரப்பர் கெட்டிப்படும். கழற்றிப் பார்க்கும்போது சீல் தேய்ந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதைத் தேய வைத்தது அடைபட்ட ப்ரீதர். இரவில் இயந்திரம் ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி, சீலின் விளிம்பு வழியாகவே தூசியையும் ஈரத்தையும் இழுக்கும். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள்.

சோதிப்பது எளிது. மின்சாரத்தைத் துண்டித்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி சுவிட்சைப் பூட்ட வேண்டும். இயந்திரம் இளஞ்சூடாக இருக்கும்போதே, முகத்தை விலக்கிக்கொண்டு, ப்ரீதரை மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். உஸ்ஸென்று காற்று வந்தால் அது அடைபட்டிருந்தது உறுதி. மண்ணெண்ணெயில் கழுவி ஊதிப் பார்த்து, தடையின்றிக் காற்று போனால் மட்டும் திரும்பப் போடலாம். இல்லாவிட்டால் புதிது வாங்குவதே சரி.

காற்று வரவில்லை என்றால், கவனம் ஷாஃப்ட்டின் பக்கம் திரும்ப வேண்டும். சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுப்படுகிறதா? பல ஆண்டுகள் ஒரே இடத்தில் உரசிய ரப்பர், இரும்பிலும் கோடு போட்டுவிடும். அந்தப் பள்ளத்தின் மேலேயே புது சீலைப் போட்டால் அதுவும் கசியும். இடம் இருந்தால் சீலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். இடமில்லாவிட்டால் அதற்கென விற்கும் மெல்லிய ஸ்லீவை ஷாஃப்ட்டில் ஏற்ற வேண்டும். பள்ளமும் இல்லை, ஆனால் பழைய ரப்பர் விறைத்து வெடித்திருக்கிறது என்றால், கியர்பாக்ஸ் ஏன் அவ்வளவு சூடாகிறது என்பதே அடுத்த கேள்வி.

வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே போவதும் உண்டு. மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இன்னொரு சீல் இருக்கிறது. அது போனால் ஆயில் மோட்டாருக்குள் இறங்கி, காயிலை நனைத்துக் கெடுக்கும். மோட்டாரின் அடியில் உள்ள வடிகால் துளையைத் திறந்தால் ஆயில் வரும். இந்தக் கசிவைத் தள்ளிப் போட்டால் மோட்டாரே எரிந்துபோகலாம்.

ப்ரீதர் வழியாகவே ஆயில் வந்தால் அங்கே அடைப்பு இல்லை. ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டு நுரைத்துப் பொங்குகிறது, அல்லது இயந்திரத்தைச் சாய்த்துப் பொருத்தியதில் ப்ரீதர் ஆயில் மட்டத்துக்குக் கீழே வந்துவிட்டது. இதற்கு மருந்து, பெயர்ப் பலகையில் குறித்திருக்கும் பொருத்தும் நிலையையும் ஆயில் அளவையும் சரிபார்ப்பதுதான்.

ஆலையின் பராமரிப்புப் புத்தகத்தில் "சீல் மாற்றப்பட்டது" என்று எழுதும்போது, ப்ரீதர் எப்படி இருந்தது, ஷாஃப்ட்டில் பள்ளம் உண்டா என்ற இரண்டு வரியையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த இரண்டு வரி இருந்தால் அடுத்து வரும் ஃபிட்டர் மூன்றாவது சீலை வாங்கப் போகமாட்டார்.