வாரண்ட்டா, ஆப்ஷனா: பங்கைத் தரப்போவது யார்?

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலான மறுவாரமே, வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே, கோல்ட்மேன் சாக்ஸில் 500 கோடி டாலர் போட்டது. 10 சதவீத டிவிடெண்ட் தரும் முன்னுரிமைப் பங்குகளோடு வாரண்ட்டுகளும் கிடைத்தன. ஐந்து வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் 115 டாலர் விலையில் சுமார் 4.35 கோடி கோல்ட்மேன் பங்குகளை வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமை அது.

கால் ஆப்ஷனும் இதே உரிமையைத்தானே தருகிறது? ஆம், ஆனால் எதிர்ப்பக்கம் நிற்பவர் வேறு. என்எஸ்இ-யில் ஆப்ஷனை உங்களுக்கு விற்பவர் இன்னொரு வர்த்தகர். அதில் கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது. ஏற்கெனவே உள்ள பங்குதான் கை மாறும். வாரண்ட்டை வெளியிடுவதோ கம்பெனியே. உரிமையைப் பயன்படுத்தினால் அது புதுப் பங்குகளை ஒதுக்கும், பணமும் அதன் கணக்குக்கே வரும்.

அந்தப் புதுப் பங்குகள்தான் விலையைக் கலைக்கின்றன. ஒரு கோடி பங்குகள், தலா 100 ரூபாய், மொத்தம் 100 கோடி பெறும் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். 60 ரூபாய் விலையில் 10 லட்சம் வாரண்ட்டுகள் பங்காகின்றன. 6 கோடி உள்ளே வருகிறது. இப்போது 106 கோடியை 1.1 கோடி பங்குகளுக்குப் பிரித்தால் ஒரு பங்கு 96.36 ரூபாய். ஆப்ஷன்காரருக்கு 40 ரூபாய் லாபம் என்றால், வாரண்ட்காரருக்கு 36.36 தான். மற்ற பங்குதாரர்களுக்கு 3.64 நஷ்டம். அறிவிப்பு வந்ததுமே சந்தை இதைப் பங்கின் விலையில் கழித்துக்கொள்ளப் பார்க்கும்.

ஆயுளிலும் பெரிய இடைவெளி. நம் பங்கு ஆப்ஷன்களுக்கு அதிகபட்சம் மூன்று மாதம். 2008 நவம்பரில் கோல்ட்மேன் 52 டாலருக்குச் சரிந்தபோது, அந்த ஆயுள் கொண்ட ஆப்ஷன் செத்திருக்கும். பஃபெட்டின் வாரண்ட் தாங்கியது. 2013-ல் இரு தரப்பும் ஒப்பந்தத்தைத் திருத்தி, லாபத்துக்குச் சமமான பங்குகளை மட்டும் தருவதாக முடிவு செய்தன. பஃபெட் ஒரு டாலரும் கட்டாமல் சுமார் 1.31 கோடி பங்குகள் பெற்றார். கோல்ட்மேனும் 4.35 கோடி புதுப் பங்குகளை வெளியிடுவதிலிருந்து தப்பியது.

ஆப்ஷன் பிரீமியத்தை, பங்கின் ஏற்ற இறக்கத்தையும் மீதி நாட்களையும் வைத்துச் சந்தை நிமிடத்துக்கு நிமிடம் நிர்ணயிக்கிறது. இந்தியாவில் புரொமோட்டர்கள் வாங்கும் வாரண்ட்டுக்கு அப்படி ஏலம் கிடையாது. பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு, முந்தைய நாட்களின் சராசரியை வைத்து செபி ஒரு குறைந்தபட்ச விலையை விதிக்கிறது. 25 சதவீதம் முன்பணம், மீதியை 18 மாதத்துக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் முன்பணம் போச்சு. கட்டினால் அது பங்கு விலையிலேயே கழியும். ஆப்ஷன் வாங்குபவருக்கு இந்தச் சலுகை இல்லை.

காலாண்டு முடிவில் ஒரு பங்குக்கான லாபம் ‘பேசிக்’, ‘டைலூடட்’ என இரண்டாக இருக்கும். இரண்டாவது எண் கணிசமாகக் குறைந்திருந்தால், வாரண்ட்டோ ஊழியர் ஆப்ஷனோ வரிசையில் நிற்கிறதா என்று குறிப்புகளில் தேடிப் பாருங்கள்.