விடைபெறுபவருக்கு ஒரு வாழ்த்து மடல்

தமிழக அரசு ஊழியர்களில் பெரும்பாலோர், 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார்கள். முதல் தேதியில் பிறந்தவருக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளே விடைபெறும் நாள். அன்று மாலை பாராட்டுக் கூட்டத்தில் சால்வை போர்த்தி, சட்டமிட்ட வாழ்த்து மடலை வாசித்துக் கொடுப்பார்கள்.

பல மடல்கள் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். 'கடமை வீரர்', 'பண்பின் சிகரம்' என்று அடுக்கினால் அப்படித்தான் ஆகும். பதிவறையில் வேலை பார்த்த ஒருவரை வைத்துப் பாருங்கள். 'கடமை தவறாதவர்' என்பதைவிட, 'பழைய கோப்பு எந்த அலமாரியில், எந்தக் கட்டில் இருக்கிறது என்று பதிவேட்டைப் பார்க்காமலே சொல்வார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் குறிப்பு எழுதப் பழக்கினார்' என்று எழுதினால் அவர் கண்முன் நிற்பார்.

இப்படிப்பட்ட செய்தியைப் பக்கத்து இருக்கைக்காரரிடமும், அவரிடம் வேலை கற்றவரிடமும் கேட்டு வாங்க வேண்டும். பணியில் சேர்ந்த தேதியை நினைவிலிருந்து எழுதாமல் பணிப்பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும். சட்டம் போட்ட பிறகு பிழையைத் திருத்த முடியாது. வகித்த பதவிகளை ஒரே வரியில் முடிக்கலாம். குடும்பத்தாரும் அரங்கில் இருப்பதால், அலுவலகத்துக்குள் மட்டும் செல்லும் கேலியைத் தவிர்க்க வேண்டும்.

மடல் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். வாசிக்க இரண்டு நிமிடம் போதும்.