கட்டத்துக்குள் வரும் கடல்!

ரயிலில் போகும்போது ஸ்டேஷனில் மஞ்சள் நிறப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஊரின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும். கடல் மட்டத்தில் இருந்து அந்த ஸ்டேஷன் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதுதான் அது. ஊட்டி ஸ்டேஷன் ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோர ஊர்களின் பலகைகளில் எண் மிகச் சின்னதாக இருக்கும்.

இப்போது ஒரு கற்பனை செய்யுங்கள். ஸ்டேஷனுக்கு மட்டும் இல்லாமல், கடற்கரையில் 30 மீட்டருக்கு ஒன்று என்று ஊர் முழுக்க இப்படிப் பலகைகள் நட்டுவிட்டால்? வயல், தெரு, மைதானம் என்று எல்லா இடத்துக்கும் ஓர் உயர எண் கிடைத்துவிடும். அந்த எண்களைக் கட்டம் போட்ட நோட்டில் கட்டத்துக்கு ஒன்றாக எழுதினால் அதுதான் 'டிஜிட்டல் எலிவேஷன் மாடல்'. நாம் சுருக்கமாக 'உயரப் படம்' என்று சொல்லிக்கொள்வோம். கடல் மட்டம் உயர்ந்தால் எந்த இடம் நீருக்குள் போகும் என்று விஞ்ஞானிகள் பார்ப்பது இந்தப் படத்தை வைத்துத்தான்.

வாருங்கள், நாமே ஒரு படம் போட்டுப் பார்ப்போம். பென்சிலையும் கணக்கு நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இது ஒரு கற்பனைக் கடற்கரை. இடது பக்கம் கடல். ஒவ்வொரு எண்ணும் ஒரு கட்டம். ஒரு கட்டம் 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நம் ஊர்க் கணக்கில் சுமார் 22 சென்ட் நிலம்!

முதல் வரி: கடல் | 1 | 3 | 4 | 2 | 3
இரண்டாம் வரி: கடல் | 2 | 3 | 1 | 1 | 3
மூன்றாம் வரி: கடல் | 1 | 4 | 1 | 2 | 4
நான்காம் வரி: கடல் | 1 | 1 | 2 | 3 | 4
ஐந்தாம் வரி: கடல் | 2 | 3 | 3 | 4 | 5

கடல் எவ்வளவு உயரும் என்பதை முதலில் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். உலக நாடுகளின் விஞ்ஞானிகள் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட அறிக்கை, 2100-ம் ஆண்டுக்குள் கடல் சுமார் 30 சென்டிமீட்டரில் இருந்து 1 மீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது. நாம் எவ்வளவு புகை விடுகிறோம் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். கணக்கு சுலபமாக இருக்க நாம் 1 மீட்டரை எடுத்துக்கொள்வோம்.

1 என்று எழுதியிருக்கும் கட்டங்களுக்கு எல்லாம் நீல வண்ணம் தீட்டுங்கள். எண்ணிப் பார்த்தால் 7 கட்டங்கள் வரும். வேலை முடிந்தது என்று நோட்டை மூடிவிடாதீர்கள்!

நடுவில் இருக்கும் மூன்று 1-களைப் பாருங்கள். இரண்டாம் வரியில் இரண்டு, மூன்றாம் வரியில் ஒன்று. அது ஒரு பள்ளம். ஆனால் கடலுக்கும் பள்ளத்துக்கும் நடுவே 3, 4 என்று மேடு நிற்கிறது. கடல் தண்ணீர் பறந்தா வரும்? தரையில் வழி இருந்தால்தானே வரும்! எனவே கடலில் இருந்து கிளம்பி, பக்கத்துக் கட்டம், அதற்குப் பக்கத்துக் கட்டம் என்று மை ஊறுவது போலப் போய்ப் பார்க்க வேண்டும். அப்படிப் போனால் முதல் வரியில் 1, மூன்றாம் வரியில் 1, நான்காம் வரியில் 2 என்று மொத்தம் 4 கட்டங்களுக்குத்தான் கடல் வருகிறது. லட்சக்கணக்கான கட்டங்கள் இருந்தால் கம்ப்யூட்டரும் இதையேதான் செய்கிறது.

உங்களில் ஒரு சுட்டி இப்போது கையைத் தூக்கலாம். "நான்காம் வரியின் இரண்டாவது 1-ம், மூன்றாம் வரியின் பள்ளமும் மூலையில் தொட்டுக்கொள்கின்றனவே! அந்த மூலை வழியாகத் தண்ணீர் போகாதா?" நல்ல கேள்வி. விஞ்ஞானிகளும் இதை விவாதிப்பார்கள். மூலையையும் வழியாக ஏற்றுக்கொண்டால் 7 கட்டமும் நீலம். ஏற்காவிட்டால் 4. படம் போட்டவர் எந்த விதியை எடுத்துக்கொண்டார் என்று படத்தின் ஓரத்தில் எழுதாவிட்டால் பார்ப்பவருக்குக் குழப்பம்தான். நாம் மூலையை விட்டுவிட்டு 4 என்றே வைத்துக்கொள்வோம்.

சரி, இந்த உயர எண்களை யார் அளந்தது? இத்தனை கட்டங்களுக்கும் ஆள் நடந்து போயா அளந்திருப்பார்கள்? இல்லை. 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் 'எண்டெவர்' என்ற விண்வெளி ஓடம் ஆறு வீரர்களோடு பூமியைச் சுற்றியது. அதன் பக்கவாட்டில் 60 மீட்டர் நீளக் கம்பம் ஒன்று நீட்டிக்கொண்டு இருந்தது. ஓடத்தில் ஒரு ரேடார் ஆன்டெனா, கம்பத்தின் நுனியில் இன்னொன்று. நம் இரண்டு கண்களும் சேர்ந்து ஒரு பொருள் எவ்வளவு தூரம் என்று சொல்வது போல, அந்த இரண்டு ஆன்டெனாக்களும் சேர்ந்து கீழே இருப்பவற்றின் உயரத்தைக் கண்டுபிடித்தன. 11 நாள் பயணத்தில் பூமியின் பெரும்பாலான நிலப்பகுதி அளக்கப்பட்டுவிட்டது. அந்த எண்கள் இன்று யாருக்கும் இலவசம்.

ஆனால் இந்த ரேடாருக்கு ஒரு குறும்பு உண்டு. அது தரையைப் பார்ப்பதில்லை. மேலே இருந்து பார்க்கும்போது முதலில் தட்டுப்படுவதைப் பார்க்கிறது. தென்னந்தோப்பு இருந்தால், மரத்தின் உச்சிக்கும் தரைக்கும் இடையில் எங்கோ ஓர் உயரத்தைச் சொல்லும். வீடுகள் நெருக்கமாக இருந்தால் கூரைகளும் கணக்கில் சேர்ந்துவிடும்.

நம் நோட்டுக்குத் திரும்புவோம். மூன்றாம் வரியில் 1-க்கு அடுத்து 4 என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அங்கே மேடு எதுவும் இல்லை, வெறும் சவுக்குத்தோப்புதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான தரை 1 மீட்டர்தான். 4-ஐ அழித்துவிட்டு 1 என்று எழுதுங்கள். இப்போது கடலில் இருந்து மறுபடியும் நடந்து பாருங்கள். அடடா! மேடு என்று நினைத்த இடத்தில் வாசல் திறந்துவிட்டது. தண்ணீர் தோப்புக்குள் நுழைந்து, நடுவில் இருந்த பள்ளத்துக்கும் போய்விடுகிறது. முன்பு 4 கட்டம், இப்போது 8 கட்டம். தப்பாக இருந்தது ஒரே ஒரு எண்தான்!

சின்ன வாய்க்காலும் இதே வேலையைச் செய்யும். 3 மீட்டர் அகல வாய்க்கால் 30 மீட்டர் கட்டத்துக்குள் தெரியவே தெரியாது. படத்தில் மேடு அடைத்துக்கொண்டு நிற்கும். நிஜத்தில் தண்ணீர் வாய்க்கால் வழியே சத்தம் இல்லாமல் ஊருக்குள் வந்துவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த இலவச எண்கள் முழு மீட்டரில் இருக்கின்றன. 0, 1, 2 என்றுதான் இருக்கும். அரை மீட்டர் உயர்வுக்குப் படம் போட்டாலும், 90 சென்டிமீட்டர் உயர்வுக்குப் போட்டாலும் ஒரே படம்தான் வரும். இரண்டிலும் 0 கட்டங்கள் நனையும், 1 கட்டங்கள் நனையாது. செங்கல்லை ஸ்கேலாக வைத்துக்கொண்டு பென்சில் முனையை அளப்பது போல!

சரி, 0 என்றால் எது? அலை அடித்துக்கொண்டே இருக்கிறது. தினமும் கடல் ஏறுகிறது, இறங்குகிறது. எனவே துறைமுகத்தில் கடலின் உயரத்தைப் பல ஆண்டுகள் இடைவிடாமல் குறித்து, அதன் சராசரியை 0 என்று வைக்கிறார்கள். நம் நாட்டில் நூறு ஆண்டுகளுக்கு முன்பு சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களை வைத்து இதைச் செய்தார்கள். விண்வெளி ஓடத்தின் எண்களில் வரும் 0 வேறு. அது முழு பூமிக்கும் கணக்குப் போட்டு உருவாக்கிய ஒரு கற்பனைக் கடல். உங்கள் ஊர்க் கடலும் அந்தக் கற்பனைக் கடலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இந்தத் தவறுகள் எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும்? வியட்நாமில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே மீகாங் ஆறு கடலில் சேரும் இடத்தில், நம் காவிரி டெல்டாவைப் போல ஒரு பெரிய டெல்டா இருக்கிறது. வியட்நாமின் நெற்களஞ்சியம் அதுதான். விண்வெளி ஓடத்தின் எண்களின்படி அந்த டெல்டாவின் சராசரி உயரம் சுமார் 2.6 மீட்டர். கடல் 1 மீட்டர் உயர்ந்தாலும் பெரும்பகுதி தப்பித்துவிடும் என்று தோன்றும், இல்லையா?

மிண்டர்ஹவுட் என்ற நெதர்லாந்து ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் வேறு வழியில் போனார்கள். தரையிலேயே அளந்து குறித்த ஆயிரக்கணக்கான உயரப் புள்ளிகளைச் சேகரித்து, அந்த ஊர்க் கடலையே 0-வாக வைத்துப் புதிய உயரப் படம் செய்தார்கள். 2019-ல் முடிவு வெளிவந்தது. டெல்டாவின் உண்மையான சராசரி உயரம் சுமார் 0.8 மீட்டர்! 2.6-ல் 0.8 போனால் 1.8 மீட்டர். இந்த நூற்றாண்டு முழுக்கக் கடல் உயரும் என்று எதிர்பார்ப்பதை விட, அளவில் இருந்த தவறு பெரியது.

அதற்காக டெல்டா முழுக்க நாளைக்கே நீருக்குள் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அங்கே கரைகளும் மதகுகளும் நிறைய உண்டு. நம் நோட்டில் நடுப் பள்ளம் முதலில் தப்பித்தது போல, தாழ்வாக இருந்தாலும் வழி அடைபட்டு இருக்கும் இடங்கள் அவை. கரை உடைந்தால் கதை மாறும்.

உங்கள் கையில் ஓர் உயரப் படம் கிடைத்தால் சந்தேகப்பட ஒரு வழி சொல்கிறேன். தட்டையான கடலோரத்தில் திடீரென்று சுவர் போல நேர்க்கோட்டில் ஒரு மேடு தெரிந்தால் உஷாராகுங்கள். இயற்கை மேடு அப்படி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருப்பது அபூர்வம். அது தோப்பின் வேலியாக இருக்கலாம். அல்லது ஆள் கட்டிய கரையாகவும் இருக்கலாம். அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். அளவையாளர்கள் லெவல் கருவியோடு வந்து நான்கைந்து இடங்களில் தரையை அளந்து, படத்தின் எண்ணோடு ஒப்பிடுவார்கள். பணம் இருந்தால் விமானத்தில் இருந்து லேசர் ஒளியை அனுப்புவார்கள். இலைகளின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் ஒளியாவது தரையைத் தொட்டுத் திரும்பும். கடைசியாகத் திரும்பி வரும் ஒளிதான் பெரும்பாலும் தரையின் உயரத்தைச் சொல்லும்.

இனி உங்கள் முறை! நம் நோட்டில் சவுக்குத்தோப்பைத் திருத்திய படத்தையே வைத்துக்கொண்டு, கடல் 2 மீட்டர் உயர்ந்தால் எத்தனை கட்டங்கள் நீலமாகும் என்று எண்ணிப் பாருங்கள். மூலை வழி கிடையாது. பிறகு தோப்பை மறுபடியும் 4 ஆக்கிவிட்டு இன்னொரு முறை எண்ணுங்கள்.

விடை: திருத்திய படத்தில் 13, திருத்தாத படத்தில் 12. கடல் 1 மீட்டர் உயர்ந்தபோது பாதிப்பை இரண்டு மடங்காக்கிய அதே தவறு, 2 மீட்டரில் தன் கட்டத்தை மட்டும்தான் மாற்றுகிறது. நான்காம் வரியில் இருக்கும் 2 வழியாகத் தண்ணீர் ஏற்கெனவே பள்ளத்துக்குள் போய்விட்டது!